டி டிரைவில் நின்றுபோன லிஃப்ட்

யாராவது பேசினால் அவளுடைய விரல்கள் சும்மா இருக்காது. மடியில், மேசை விளிம்பில், பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் என்று கிடைத்த இடத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். காதில் விழுவதையெல்லாம் விரல் அப்படியே அடித்துக்கொண்டு போகும். பேச்சு நின்றால் விரலும் நிற்கும். அவளுக்கே இது தெரியாது. அண்ணிதான் கல்யாணமாகி வந்த புதிதில் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"ஏம்மா, நான் திட்டுறதையும் டைப் அடிச்சு வைக்கிறியா? பின்னாடி கேஸ் போடவா?"

அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் டைப்பு. தெருவில் டைப்பக்கா. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அடுத்த வருஷமே தட்டச்சு வகுப்பு. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் டைப்பிங் சென்டர். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் வாசலோடு போய்விட்டது. கூச்சம் அவளுக்குக் கூடவே பிறந்தது. சென்டரில் அவளுக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. வருகிறவர் பேசுவார், அவள் அடிப்பாள், அச்செடுத்துக் கொடுப்பாள். அவள் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே அங்கே கிடையாது.

வாயைத் திறக்கவேண்டிய வேலையெல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நட்டு கழன்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் இறங்கவேண்டிய பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். வேலை முடிந்து, கை முழுக்க கிரீஸோடு சென்டருக்கு வருவார். "அடி தங்கச்சி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். கடை மூடும்வரை சொல்வார், அவள் அடிப்பாள். இப்படி ரொம்ப நாள் நடந்தது. விடுமுறை நாள் மத்தியானம் ஒன்றில், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்ட் ஒன்று. உள்ளே ஒருவருக்கொருவர் முகம்பார்த்துப் பேசாத ஆறு பேர். வெளியே, சாவியைத் தொலைத்துவிட்ட ஒரு மெக்கானிக். அதுதான் கதை. கடை முதலாளி கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

அவள் சிரித்ததில்லை. அடிக்கிறவளுக்கு அர்த்தம் மண்டையில் ஏறாது. காதில் நுழைந்தது விரல் வழியே போய்விடும். நடுவில் எங்கும் தங்காது.

அந்த அண்ணனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது: "அதான்." பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். பேனாவைக் கையில் கொடுத்தால் வளையம் வளையமாகக் கோடு போட்டுவிட்டு, அதையே வெறித்துப் பார்ப்பார்.

"ஊரையே பேசிச் சாகடிச்ச மனுசன். ஒத்த வார்த்தையில கொண்டு வந்து நிறுத்தியாச்சு" என்பாள் அண்ணி. சொல்லிவிட்டு அவர் வாயோரத்தைத் துடைத்துவிடுவாள். அவளும் ஓய்ந்துபோயிருந்தாள். எழுப்பு, குளிப்பாட்டு, நடக்கவை, உட்காரவை, மறுபடி எழுப்பு. வீட்டில் இரண்டு பெண்களும் முறைபோட்டு அசந்துகொண்டிருந்தார்கள்.

உடற்பயிற்சிக்காக அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போன ஒரு நாளில் லிஃப்ட் பாதியில் நின்றது. கொஞ்ச நேரம்தான். உள்ளே இருந்தவர்கள் பதறினார்கள். அண்ணன் மட்டும் சிரித்தார். நோய் வந்த பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். தங்கையின் கையைப் பிடித்து, அவள் விரல்களைத் தன் முழங்காலில் வைத்துத் தட்டினார். "அதான்! அதான்!"

அவளுக்கு உடனே புரிந்தது. அண்ணி வெளியே வந்துதான் கேட்டாள்.

"என்னவாம்?"

"கதை, அண்ணி. லிஃப்ட் கதை. அதைக் கேக்குறாரு."

"நல்லாக் கேட்டாரு. எங்க இருக்கு அது?"

அதுதான் கேள்வி. அச்செடுத்த ஒரே பிரதியை யாரோ படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போனார்கள், போனது போனதுதான். ஃபிளாப்பிகளில் பூஞ்சை. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. சென்டரை மூடிய அன்று முதலாளி பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டபோது, அதிலிருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றி, அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, "டைப்பு" என்று எழுதி அவளிடம் கொடுத்தார். "உன் உழைப்பு பூரா இதுலதாம்மா இருக்கு, வச்சுக்க." அவளும் ஒரு துண்டில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். செங்கல் மாதிரி கனம். அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அண்ணி கேட்பாள்: "இதை எடுத்து ஊறுகாய் ஜாடி மேல வைக்கவா? பாரமாவாவது பயன்படும்."

மருத்துவமனையிலிருந்து வந்ததிலிருந்து அண்ணன் அந்த அலமாரியையே பார்க்க ஆரம்பித்தார். சாப்பாட்டை ஒதுக்கினார். பயிற்சிக்கு எழ மறுத்தார். "அதான்" என்பதில் இப்போது ஒரு கெஞ்சல் சேர்ந்திருந்தது. அவள் டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

முதல் கடைக்காரர் டிஸ்க்கைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். பின்பக்கம் இரண்டு வரிசையாக நாற்பது ஊசி. அகலமான பட்டை ஒயர் குத்துகிற காலத்துச் சாமான். இப்போதைய கம்ப்யூட்டர் எதிலும் இதைச் செருக இடமே கிடையாது. அதற்காக அடாப்டர் ஒன்று இருக்கிறது: ஒரு பக்கம் அந்த நாற்பது ஊசிக்கான வாய், மறுபக்கம் யுஎஸ்பி. கூடவே கரண்டுக்குத் தனி டப்பா. இவ்வளவு பெரிய டிஸ்க்கைச் சுற்றவைக்க யுஎஸ்பியில் வரும் கரண்டு போதாது. அவர் மாட்டினார். டிஸ்க் "ம்ம்ம்" என்று முனகிச் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றினார், மாட்டினார், வேறு கம்ப்யூட்டரில் போட்டார். "செத்துப்போச்சும்மா" என்றார்.

இரண்டாவது கடையிலும் அதே அடாப்டர், அதே முனகல், அதே தீர்ப்பு. அங்கே இருந்தவர் கொஞ்சம் கூடுதல் இரக்கக்காரர். "இதுக்குள்ள காந்தம் இருக்கும். கழட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டிக்கலாம்" என்று யோசனை சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாள் டப்பா பையிலேயே கிடந்தது. அவள் பேசாததை வீட்டில் யாரும் கவனிக்கப்போவதும் இல்லை. அண்ணி கவனித்தது விரலை.

"விரல் அடங்கிப்போச்சே. என்ன?"

"செத்துப்போச்சுங்கிறாங்க அண்ணி."

அண்ணி, கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள். "அவரையும்தான் முதல் நாள் அப்படித்தான் சொன்னாங்க. வேற ஆள்கிட்டக் காட்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காராம், மாடிப்படிக்கு அடியில. சிடுமூஞ்சியாம். வேலைக்காரனாம்."

மாடிப்படிக்கு அடியில் நிஜமாகவே ஒரு கடை இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். உள்ளே இருந்தவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும்; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். அவள் டப்பாவை நீட்டியதும் பெருமூச்சு விட்டார்.

"போட்டோவா?"

அவள் தலையாட்டினாள், இல்லையென்று.

"எல்லாரும் போட்டோங்கிறாங்க. வருஷக்கணக்கா பரண்ல போட்டு வச்சிட்டு, ஒரு நாள் காலையில உயிர் போற மாதிரி வர்றாங்க. உக்காருங்கக்கா."

டிஸ்க்கை அடாப்டரில் மாட்டி, காதை அதனருகே கொண்டுபோய்க் கேட்டார். வெகுநேரம் கேட்டார். "டக் டக்குன்னு அடிக்கலையே. சுத்துது, படிக்கிற தலையும் நகருது. செத்ததுன்னு எவன் சொன்னான்?" திரையைப் பார்த்தார். காலி. "ஆனா ஆள் பேச மாட்டேங்கிறான்."

அவள் மனதில் அண்ணன் முகம் வந்துபோனது.

கரண்டை அணைத்து, டிஸ்க்கைத் திருப்பினார். நாற்பது ஊசிக்கும் கரண்டு செருகும் துளைக்கும் நடுவில் சின்னதாகச் சில ஊசிகள். அதில் இரண்டை இணைத்து, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பிளாஸ்டிக் தொப்பி.

"இந்த ஜம்பர் யாராவது மாத்துனாங்களா?"

"இல்ல."

"இது எந்த மெஷின்ல இருந்தது? தனியா இருந்துச்சா, வேற டிஸ்க்கும் இருந்துச்சா?"

அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வரவில்லை. முன்பின் தெரியாதவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. விரல்கள் மடியில் தட்டிக்கொண்டிருந்தன. அவர் காத்திருந்தார், அல்லது அசந்துபோய் உட்கார்ந்திருந்தார். எதுவானாலும் அவசரப்படுத்தவில்லை.

"டைப்பிங் சென்டர்ல முதலாளி சொல்லுவாரு," என்று ஆரம்பித்தாள். "சி என்னோடது, டி உன்னோடது, சி-யைத் தொடாதேன்னு. நான் டி-யிலதான் சேவ் பண்ணுவேன். இடம் பத்தலைன்னு பின்னாடி வாங்கிப் போட்டாரு. இது அந்த டி."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"அப்படிச் சொல்லுங்க. ரெண்டாவது டிஸ்க்." மேலே ஒட்டியிருந்த வெள்ளைத்தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். "டைப்பு" என்ற எழுத்து இரண்டாகக் கிழிந்து வந்தது. அடியில் கம்பெனி ஸ்டிக்கர். அதில் குட்டிக் குட்டிப் படங்கள்: தொப்பி எந்த ஊசியில் இருந்தால் டிஸ்க் முதலாவது, எந்த ஊசியில் இருந்தால் இரண்டாவது. "பழைய காலத்துல ஒரே பட்டை ஒயர்ல ரெண்டு டிஸ்க் தொங்கும்க்கா. நீ மாஸ்டர், நீ ஸ்லேவ்னு இந்தத் தொப்பியை வச்சுத்தான் சொல்லுவோம். இவரு ஸ்லேவா உக்காந்திருக்காரு. இந்த மாதிரி அடாப்டர் பெரும்பாலும் மாஸ்டரைத்தான் கூப்பிடும். இவருக்குத் தன்னைக் கூப்பிடுறாங்கன்னே தெரியல. பாக்குறவனுக்கும் தெரியல, உங்க முதலாளி படத்து மேலேயே பேரை ஒட்டிட்டாரு."

முள்வாங்கியால் தொப்பியைப் பிடுங்கி, அடுத்த ஊசி ஜோடியில் செருகினார். அடாப்டரின் வாயை மாட்டி, கரண்டைப் போட்டார். முனகல். பிறகு திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அவள் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தாள்.

பெட்டியில், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா என்று கேட்டிருந்தது.

"செய்யச் சொல்லுங்களேன்" என்றாள் அவசரமாக. கேட்டால் சரியென்பது அவள் பழக்கம்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா!" அவர் வேண்டாம் என்பதை அழுத்தினார். "வீட்டு அட்ரஸ் எழுதுன பலகை அழிஞ்சிருக்கு. வீடு உள்ளே இருக்கு. பலகை இல்லைன்னு வீட்டைக் காலி பண்ணிப் புதுசா சுண்ணாம்பு அடிக்கட்டுமான்னு கேக்குறான் இந்த மடையன். ஆமான்னு சொல்லிட்டுத்தான் பாதிப் பேர் என்கிட்ட வர்றாங்க."

அப்புறம் அவர் நிதானமாக விளக்கினார். விளக்குவதற்குத் தெம்பு இல்லாதவர்போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தினார். இந்த டிஸ்க்கில் நேராகத் தேடக்கூடாது. தேடத் தேட அதன் தலை அலையும். வயசான டிஸ்க், எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். முதலில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அப்படியே ஒரு நகல். படிக்க முடியாத இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய், நல்ல இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து முடியாத இடத்தை மறுபடி தட்டிப் பார்க்கும் ஒரு புரோகிராம். அது முடிந்த பிறகு நகலில்தான் தோண்டவேண்டும். மூலத்தைத் தொடவே கூடாது.

"அடிச்சு நகல் எடுக்கிறது உங்க தொழிலாச்சே, புரியும்."

அவளுக்குப் புரிந்தது.

டிஸ்க்குக்குக் காற்று வீச ஒரு குட்டி மின்விசிறியை நிமிர்த்திவைத்தார். எண்கள் ஓட ஆரம்பித்தன. கொஞ்ச தூரம் சரசரவென்று ஓடும். பிறகு நின்று, டிஸ்க் கரகரத்து, மறுபடி ஓடும். மத்தியானம் போனது. அவர் யாருடைய பிரிண்டரையோ திறந்துவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணி போன் செய்தாள்.

"என்ன சொல்றான் உன் சிடுமூஞ்சி?"

"ஓடிக்கிட்டு இருக்கு அண்ணி."

"இங்க இவரு சாப்பிடல. வாசலையே பாக்குறாரு. எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. சீக்கிரம் வா. இல்ல, முடிச்சிட்டே வா."

வெயில் சாய்ந்தபோது எண்கள் நின்றன. பெரும்பாலும் வந்துவிட்டது, ஒரு துண்டை மட்டும் எத்தனை தடவை தட்டியும் படிக்க முடியவில்லை. அவர் நகலைத் திறந்து, வேறொரு புரோகிராமால் ஃபோல்டர்களைத் தோண்டி எடுத்தார். கல்யாணப் பத்திரிகைகள், கடை விளம்பரங்கள், யார் யாருடைய விண்ணப்பங்களோ. நடுவில் "அண்ணன்" என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர். உள்ளே அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பதினைந்து ஃபைல். முதலாவதைத் திறந்தார்.

திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். ஒன்றோடொன்று சேராத எழுத்துகள். நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி, சாய்கோடு. ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஃபான்ட் போச்சு. அந்தக் காலத்துல ஆளுக்கொரு தமிழ் ஃபான்ட். உங்க சென்டர்ல எது?"

"முதலாளியோட சிநேகிதர் செஞ்சு கொடுத்தது."

"எங்க இருந்தது?"

"சி-யில."

சி எந்தக் குப்பையில் கிடக்கிறதோ. அவர் தன்னிடம் இருந்த பழைய ஃபான்ட்களையெல்லாம் போட்டுப் பார்த்தார். மாற்றித்தரும் இணையதளங்களில் ஒட்டிப் பார்த்தார். தமிழாக வந்தது, ஆனால் பேச்சாக வரவில்லை. ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்த மாதிரி வந்தது. "என்னால ஆனது இவ்வளவுதான்க்கா" என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார்.

அவள் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். ஆங்கில எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் பத்திரிகை படிக்க வராது. ஆனால் இது இங்கிலீஷ் இல்லை. இவை அவளுடைய சாவிகள். அந்த ஃபான்ட்டில் எந்த ஆங்கிலச் சாவியைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து விழும் என்பது அவள் விரலுக்குத் தெரியும்; தட்டிய சாவிகள்தான் இப்போது வேஷம் கலைந்து வரிசையாக நிற்கின்றன. மேசை விளிம்பில் விரல்கள் நகரத் தொடங்கின. முதல் வரியை அடித்தன. அடித்ததை அவள் வாய் மெல்லச் சொன்னது.

"மூணாவது மாடிக்கும்... நாலாவது மாடிக்கும்... நடுவுல ஒரு ஊர் இருக்கு. அதுக்கு ஜனத்தொகை ஆறு."

கடைக்காரர் கண்ணைத் திறந்தார். அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிரிண்டர் வேலையை அப்படியே விட்டுவிட்டு, "அப்புறம்?" என்றார்.

அவள் இன்னொரு வரி சொன்னாள். அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்தக் கதை அன்றுதான் அவளுக்கு அர்த்தமாகியது.

வீட்டுக்குக் கொண்டுபோனது ஒரு பென்டிரைவும், அவர் அச்செடுத்துக் கொடுத்த ஒரு கட்டுக் காகிதமும். அண்ணி காகிதத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"இதுக்கா ஒரு நாள் பூரா? எலி ஓடுன மாதிரி இருக்கு!"

அவள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, தொடைமேல் விரல் தட்டி, வாய்விட்டு வாசித்தாள். நான்கு பேருக்கு முன்னால் பேசாதவள், சத்தமாக வாசித்தாள். முதலில் அவர் அசையவில்லை. ஊர், ஜனத்தொகை என்றதும் இடது கை எழும்பி நின்றது. "அதான்," என்றார். இந்த ஒரு தடவை அந்த வார்த்தை அதற்குரிய அர்த்தத்திலேயே வந்தது. அண்ணி முழங்காலை அமுக்குவதை நிறுத்திவிட்டாள். அன்று இரவு உணவை அவர் ஒதுக்கவில்லை.

பதினைந்தாவது ஃபைல் மட்டும் திறக்கவில்லை. படிக்க முடியாமல் போன அந்தத் துண்டில் சிக்கியிருந்தது அதுதான். லிஃப்ட் எப்படித் திறந்தது, ஆறு பேரும் எப்படி வெளியே வந்தார்கள், சாவி எங்கே கிடைத்தது எல்லாம் அதில் இருந்தது. அடித்தவள் அவள்தான், ஒரு வரியும் நினைவில் இல்லை. சொன்னவருக்கு நினைவிருக்கிறது, சொல்ல வாய் இல்லை. மாடிப்படிக்காரர் டிஸ்க்கை மறுபடி இரண்டு தடவை மாட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை அது டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்ததும் கரண்டை அணைத்துவிட்டார். "போதும்க்கா. பாவம், அதுவும் எவ்வளவு நேரந்தான் தாங்கும்" என்றார்.

இப்போது டிஸ்க் பழையபடி பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. பதினான்கு அத்தியாயங்களை அவள் புதிதாகத் தமிழில் அடித்து முடித்துவிட்டாள். பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. அண்ணன் பயிற்சிக்கு எழுகிறார், முக்கால்வாசி நாள் முனகிக்கொண்டே. மத்தியானங்களில் அவளும் அண்ணியும் ஆளுக்கொரு முடிவு சொல்லிப் பார்க்கிறார்கள். சாவி ஆறு பேரில் ஒருத்தியின் பையிலேயே இருந்தது என்று அண்ணி சொன்னபோது மட்டும் அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இல்லையென்று தலையாட்டினார். கடைசி அத்தியாயம் இன்னும் கிடைக்கவில்லை.